அம்மா எடுக்காத விடுப்பு

அரசாங்க உத்தியோகத்தில் விடுப்பு என்பது ஒரு தனி சாஸ்திரம். தற்செயல் விடுப்பு, ஈட்டிய விடுப்பு, மருத்துவ விடுப்பு, சம்பளமில்லாத விடுப்பு. ஒன்றோடு ஒன்றைச் சேர்க்கலாமா, சேர்த்தால் நடுவில் வரும் ஞாயிற்றுக்கிழமை எந்தக் கணக்கு என்று கேட்டால் தூக்கத்தில்கூட விதியைச் சொல்லுவேன். கல்வி அலுவலகத்தில் என் உத்தியோக காலத்தில் பாதி, பெண் ஆசிரியைகளின் விடுப்பு விண்ணப்பங்களை ஏற்பதிலும் திருப்பி அனுப்புவதிலும் கழிந்தது. வயிற்று வலி என்று எழுதுவார்கள். எந்த வயிற்று வலி என்று எனக்குத் தெரியும். மேலே இருந்த ஆண்களுக்கும் தெரியும். மருத்துவச் சான்று இணைக்கவும் என்று குறிப்பெழுதுவார்கள்.

என் அம்மாவுக்கு ஒரே ஒரு வகை விடுப்புதான் இருந்தது. மாதம் மூன்று நாள். அவள் கேட்காமலே வரும், வேண்டாம் என்றாலும் எடுத்தே ஆக வேண்டும். ஆனால் பதில் ஆள் ஏற்பாடு அவள் பொறுப்பு. அந்தப் பதில் ஆள் நான்.

யுத்த காலம். குமாரபாளையத்தில் இருந்தோம். அப்பா சங்ககிரி ஸ்டேஷனில் சரக்கு குமாஸ்தா. சனிக்கிழமை இரவு வந்து திங்கள் விடியற்காலை போய்விடுவார். வீட்டில் அம்மா, நான், இரண்டாம் வகுப்பு படித்த தங்கை, அப்புறம் அப்பாவின் அப்பா. அவரை நாங்கள் அப்பாரு என்போம். பாரிசவாயு வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. முன்னறையில், சாமி மாடத்துக்கு நேர் எதிரே, கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். மாடத்தைப் பார்க்கும்படி கட்டிலைப் போடச் சொன்னவர் அவரே.

அம்மாவின் நாள் அவருடைய கட்டிலில்தான் தொடங்கும். இருட்டோடு எழுந்து மலஜலத்துக்கு வைத்த சாம்பல் சட்டியை மாற்றுவாள். வெந்நீர் வைத்து உடம்பைத் துடைப்பாள். முதுகில் படுக்கைப் புண் வராமல் இருக்க ஒருக்களித்துச் சாய்த்து, பழந்துணியைச் சுருட்டி முட்டுக் கொடுப்பாள். பொழுது ஏற ஏற, இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் திருப்பிப் போடுவாள். எங்களுக்கு ராகிக் களி, அவருக்கு மட்டும் அரிசிக் கஞ்சி, அதுவும் பாதிக்குப் பாதி நொய். கஞ்சியை அவர் வாயின் இடது ஓரத்தில் விட வேண்டும்; வலது பக்கம் விட்டால் வழிந்துவிடும், அவசரப்பட்டால் புரை ஏறும். அம்மா விடும் தினுசு வேறு யாருக்கும் வரவில்லை. தொண்டையைப் பார்த்துக்கொண்டே இருந்து, அது ஒரு தரம் ஏறி இறங்கிய பிறகுதான் அடுத்த மடக்கு.

அதற்குள் எங்கள் தலையைப் பின்னி, தூக்குப் போசியில் களியும் கொள்ளுப் பருப்பும் வைத்து, பாலம் தாண்டி பவானியில் இருந்த பள்ளிக்கு அனுப்ப வேண்டும். நாங்கள் போனதும் ராட்டைக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவாள். எதிர்வீட்டில் தறி இருந்தது. அவர்கள் சிட்டமாக, கட்டுக் கட்டாகக் கொடுக்கும் நூலைப் பரிவட்டம் என்ற சுழலும் சட்டத்தில் மாட்டி, ராட்டையைச் சுற்றித் தார்க்குச்சியில் ஏற்றிக் கொடுப்பது அம்மாவின் வேலை. அந்தத் தார்தான் தறியின் ஓடத்துக்குள் போய் ஊடையாக ஓடும். தார் இல்லை என்றால் தறி நிற்கும். அதனால் தார் போடுகிறவள் ஒரு நாள் இல்லை என்றாலும் அடுத்தவளைக் கூப்பிடுவார்கள். யுத்தத்தில் நூலுக்கே தட்டுப்பாடு. நூல் குறைவு, கை அதிகம். கூப்பிட்ட அடுத்தவள் லேசில் திரும்பிப் போக மாட்டாள்.

எங்கள் பள்ளிச் சம்பளமும் புத்தகமும் அந்த ராட்டையிலிருந்து வந்தன. அப்பாவின் சம்பளம் அப்பாருவின் தைலத்துக்கும் அரிசிக்கும் சரியாக இருந்தது.

மாதத்தில் அந்த மூன்று நாள் அம்மா கொல்லைச் சாய்ப்பில் போய் உட்கார்ந்துகொள்வாள். அடுப்பைத் தொடக் கூடாது, அப்பாருவைத் தொடக் கூடாது, தறிக்குப் போகும் நூலைத் தொடவே கூடாது. தறி சாமி. முன்னறையிலிருந்து அப்பாரு குளறிக் குளறிக் கேட்பார்.

"உங்கொம்மா எங்க?"

"ஊட்டுக்குத் தூரமுங்க அப்பாரு."

"செரி. நீ கை கால் கழுவீட்டு வா."

நான் பள்ளிக்கூடம் போகாமல் களி கிண்டுவேன், கஞ்சி ஊட்டுவேன், சட்டி மாற்றுவேன். தாரும் போடுவேன், இழை அறுந்து அறுந்து வரும். அம்மா சாய்ப்பில் இருந்தபடியே குரல் கொடுப்பாள். "இழுக்காதடி. வுட்டுப் புடி." மேற்பார்வை உண்டு, தொட அதிகாரம் இல்லை. பிற்காலத்தில் எனக்கு வாய்த்த மேலதிகாரிகள் பலர் இதே முறையில் வேலை பார்த்தார்கள். அவர்களுக்கு அது மாதம் முழுவதும் இருந்தது.

எட்டாம் வகுப்பில் தலைமை ஆசிரியை என்னைக் கூப்பிட்டு நிறுத்தினார். எட்டாவதுக்கு சர்க்கார் பரீட்சை. வருகை குறைவாக இருப்பவர்களின் பெயரை அனுப்ப முடியாது, இனி நான் ஒரு நாள்கூட வராமல் நிற்கக் கூடாது என்றார். மாதாமாதம் ஏன் நிற்கிறாய் என்று அவர் கேட்கவில்லை. அவரும் பெண்தான். அவருக்கு வீட்டில் யார் பதில் ஆளோ.

அதை அம்மாவிடம் சொன்னேன். அவள் ராட்டையை நிறுத்தவில்லை. எனக்கு அப்போது பதின்மூன்று வயது. நானே பெரியவளாகிவிட்டால் படிப்பு அன்றோடு நின்றுவிடும் என்பது தெருவுக்கே தெரிந்த விஷயம். அதற்குள் இந்தப் பரீட்சையை எழுதித் தீர்த்துவிட வேண்டும் என்ற அவசரம் அம்மாவுக்கு இருந்தது. அந்தப் பரீட்சை தேறினால் வாத்தியார் வேலைப் பயிற்சிக்குப் போகலாம் என்று யாரோ அவளிடம் சொல்லியிருந்தார்கள். அவள் எழுதப் படிக்கத் தெரியாதவள். தார் போடுகிறவளின் மகள் தார் போடாமல் இருக்க ஒரே வழி என்று அதைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தத் தார் நிறைந்ததும் எடுத்துக் கூடையில் போட்டுவிட்டுச் சொன்னாள்: "இனிமேட்டு நான் வெளிய உக்கார மாட்டன். ஆரு கேட்டாலும் இன்னும் ஆகலைன்னு சொல்லு."

"அப்பாருவுக்கு?"

"அவருக்குந்தான்."

சொல்லிவிட்டாளே தவிர, அம்மாவுக்குப் பயம். அவள் புரட்சிக்காரி இல்லை. தீட்டு என்பது அவளுக்கு நெருப்பு மாதிரி நிஜம். முதல் மாதம் அப்பாருவுக்குக் கஞ்சி ஊட்டும்போது வாயின் வலது ஓரத்தில் விட்டுவிட்டாள், கஞ்சி மார்பில் வழிந்தது. "ஏம்புள்ள, சொகமில்லையா?" என்று அவர் கேட்டார். "இல்லீங்க மாமா, சூடு" என்றாள். தனக்குத் தானே ஒரு விதி வகுத்துக்கொண்டாள்: அந்த நாட்களில் மாடத்து விளக்கை மட்டும் தொடுவதில்லை. "நீ ஏத்து, எனக்கு அடுப்புல வேலை" என்று என்னிடம் சொல்லிவிடுவாள். கஞ்சிக்கு இல்லாத தீட்டு விளக்குக்கு எப்படி வந்தது என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. எங்கேயாவது ஒரு கோடு போட்டு அதற்கு இந்தப் பக்கம் நிற்காவிட்டால் அவளால் நிற்கவே முடிந்திராது.

துணிகளை இருட்டிலேயே ஆற்றில் அலசிக்கொண்டு வந்து, அடுப்புக்கு மேலே விறகுப் பரணில் மறைத்து உலர்த்துவாள். அவற்றில் எப்போதும் புகை வாசனை இருக்கும்.

எனக்குப் பள்ளி ஒரு நாளும் தவறவில்லை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்று வருகைப் பதிவேட்டில் என் வரிசை நிறைந்தது. அம்மா இளைத்தாள். முன்பு அந்த மூன்று நாளில் அவள் உட்கார்ந்தாவது இருந்தாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இடுப்பு வலியோடு அப்பாருவைப் புரட்டிப் போடுவதும், ராட்டையில் குனிந்து உட்காருவதும், நடுவில் எழுந்து போய்த் துணி மாற்றி வருவதும்.

நாங்கள் யோசிக்காத விஷயம் தெரு. எங்கள் தெருவில் எந்தப் பெண் எப்போது சாய்ப்பில் உட்காருவாள் என்பது மற்ற எல்லாப் பெண்களுக்கும் தெரியும். தை பிறந்ததும் எதிர்வீட்டுத் தறிக்காரர் மனைவி தார்க் கூடை வாங்க வந்தவள், அம்மாவை மேலும் கீழும் பார்த்தாள். அம்மா கொல்லையில் வேலையாக இருந்த ஒரு நாள் என்னிடம் கேட்டாள்.

"அம்முணி, உங்கொம்மா வெளிய உக்காந்தே நெம்ப நாளாச்சாட்ட இருக்குதே?"

சொல்லச் சொன்னதைச் சொன்னேன். "இன்னும் ஆகலைங்க."

அவள் முகம் மலர்ந்தது. நேராக முன்னறைக்குப் போனாள்.

"ஏனுங்க மாமா, ஊட்டுல நல்ல சேதி இருக்குது, ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டேங்கறீங்க! மருமக முழுகாம இருக்கறாளாமா!"

கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அப்பாரு சிரித்தார். பாதி முகத்தால் சிரித்தார். இரண்டும் பெண்ணாகப் பிறந்த வீட்டில் பேரன் வருகிறான்.

அம்மா கொல்லையிலிருந்து வந்து நிலைப்படியில் நின்றாள். எதிர்வீட்டுக்காரி அவள் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. என்ன சொல்ல முடியும்? ஆமாம் என்றால் பொய். இல்லை என்றால், அப்புறம் ஏன் இத்தனை மாதம் வெளியே உட்காரவில்லை என்ற கேள்வி வரும். அதற்கு ஒரே பதில்தான் இருந்தது. அப்பாரு குடித்த கஞ்சி, எதிர்வீட்டுத் தறியில் ஓடிய நூல், எல்லாம் அந்தப் பதிலில் அடங்கும். பின்னாளில் நான் பார்த்த எத்தனையோ விசாரணைக் கோப்புகளில், பேசாமல் இருந்ததை ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொண்டார்கள். அன்றும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

அம்மாவுக்குச் சலுகைகள் வர ஆரம்பித்தன. எதிர்வீட்டுக்காரி புளிச் சாதம் கொண்டு வந்தாள். கூடவே, "குனிஞ்சு குனிஞ்சு ராட்டை சுத்தாத தங்கச்சி, பாதி நூல வேற ஆளுக்குக் குடுத்தர்றன்" என்றாள்.

"வேண்டாங்க்கா. எனக்கு ஒன்னும் ஆவாது. குடுங்க."

"வாயும் வயிறுமா இருக்கறவகிட்ட வேலை வாங்கற பாவம் எனக்கெதுக்கு?"

பாதி நூல் போய்விட்டது. அடுத்த சனிக்கிழமை அப்பா வந்தபோது அப்பாருவே அவரிடம் சேதியைச் சொன்னார். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா அடுப்பைப் பார்த்தாள். அவளுக்கென்று மாம்பழம் வாங்கி வர அது மாம்பழக் காலம் இல்லை. அதற்கடுத்த வாரம் பேரீச்சம்பழம் வாங்கி வந்தார். அதை அவள் எங்கள் இருவருக்கும் பங்கு வைத்துக் கொடுத்தாள்.

அவள் என்னதான் நினைத்திருந்தாள் என்று எனக்குத் தெரியாது. பரீட்சை பங்குனியில். அதுவரை ஓட்டினால் போதும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்திருப்பாள். வயிறு மட்டும் ஒத்துழைக்கவில்லை. கொசுவத்தைத் தடியாக வைத்துச் செருகிக்கொண்டாள். "ஒல்லி ஒடம்பு, லேசுல தெரியாது" என்று தெரு சமாதானம் சொல்லிக்கொண்டது. அப்பாருதான் கேட்கவில்லை. ஐந்து மாதம் ஆகிறது, மருத்துவச்சி வந்து பார்த்தே தீர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். என் பரீட்சைக்கு முந்தின வாரம் அவளுக்கு ஆள் அனுப்பிவிட்டார்.

மருத்துவச்சி வயதானவள். என்னையும் தங்கையையும் எடுத்தவள். அம்மாவைச் சமையலறைக்குள் படுக்கவைத்துக் கதவைச் சாத்தினாள். நான் உள்ளேயே, அடுப்படி மூலையில் இருந்தேன். என்னைப் போகச் சொல்ல அவர்களுக்குத் தோன்றவில்லை. வயிற்றில் கை வைத்தாள். மறுபடி வைத்தாள். பிறகு கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஏஞ் சாமி இப்படிப் பண்ணுன?"

அம்மா சொன்னாள். எல்லாவற்றையும், தாழ்ந்த குரலில், கூரையைப் பார்த்தபடியே சொன்னாள். சொல்லி முடித்தபோது காதுப் பக்கம் நனைந்திருந்தது.

"இப்ப நான் வெளிய போயி என்னன்னு சொல்லட்டும்?"

"அடுத்த வெள்ளிக்கெழம வரைக்கும் எதையும் சொல்லீராத ஆயா. பொண்ணுக்குப் பரீட்சை."

"அதுக்கப்பறம்?"

அம்மா முந்தானையால் காதோரத்தைத் துடைத்துக்கொண்டாள். மருத்துவச்சி வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கினாள். "சனிக்கெழம எனக்கு ஆள் அனுப்பு. வயித்துல வலின்னு சொல்லு. மிச்சத்த நான் பாத்துக்கறன்."

வெளியே போனாள்.

"என்ன சொல்றா?" என்றார் அப்பாரு.

"நல்லாக் கெடக்குதுங்க சாமி."

"ஆணா, பொண்ணா?"

"அத இப்பவே சொன்னா எனக்கு என்ன குடுப்பீங்க?"

அப்பாரு இடது கையால் இடுப்பைத் தடவிக் காட்டினார். "என்ற வெள்ளி அரணாக்கவுறு. அவனுக்குத்தான்." மருத்துவச்சி சிரித்துக்கொண்டே போனாள். நான் பார்த்த முதல் பொய் மருத்துவச் சான்று அது. அதற்குப் பிறகு நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன். அவ்வளவு ஒழுங்கான காரணத்தோடு ஒன்றும் வரவில்லை.

பரீட்சை எழுதினேன். பெண்களுக்கென்று இருந்த குடும்ப நிர்வாகத் தாளில் ஒரு கேள்வி: ஒரு குடும்பப் பெண்ணின் தினசரி வேலைத் திட்டத்தை வரைக. புத்தகத்தில் இருந்ததை அப்படியே எழுதினேன். காலையில் இல்லத்தைத் துப்புரவு செய்தல், சத்துள்ள உணவு சமைத்தல், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புதல், முதியோருக்குப் பணிவிடை, பிற்பகலில் சிறிது ஓய்வு, பின் தையல் முதலிய பயனுள்ள பொழுதுபோக்கு. பிற்பகலில் சிறிது ஓய்வு என்று எழுதும்போது கை நிற்கவில்லை. மார்க் வாங்க வந்திருந்தேன்.

சனிக்கிழமை அம்மா வயிறு வலிக்கிறது என்று சொல்லிச் சாய்ப்புக்குப் போனாள். நான் ஓடிப் போய் மருத்துவச்சியை அழைத்து வந்தேன். எதிர்வீட்டுக்காரி வெந்நீர் வைத்தாள். யாரையும் உள்ளே விடாமல் மருத்துவச்சி எல்லாவற்றையும் நடத்தினாள். பழந்துணியை மூட்டையாகக் கட்டிக்கொண்டு வெளியே வந்து, ஆற்றங்கரையில் புதைத்துவிட்டு வருகிறேன் என்றாள். முன்னறை வழியாகத்தான் போக வேண்டும்.

"போயிருச்சா?" என்றார் அப்பாரு.

"போயிருச்சுங்க சாமி."

"ஆம்பளப் புள்ளையா?"

ஏன் அப்படிச் சொன்னாள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அவள் அம்மாவோடு பேசிக்கொண்டதில் அது இல்லை. கேட்பவருக்கு ஏதாவது கொடுத்தாக வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ.

"ஆமாங்க சாமி" என்றாள்.

அப்பாரு சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பச் சொன்னார். நான் திருப்பிவிட்டேன். அன்றோடு அவர் கஞ்சி குடிப்பதை நிறுத்தினார். அழவில்லை, திட்டவில்லை. வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

கரு கலைந்தவளுக்குத் தீட்டு மூன்று நாளில் தீராது. அம்மா சாய்ப்பில் இருந்தாக வேண்டும். இந்த முறை தெருவே காவல் இருந்தது. முன்னறையிலிருந்து என் குரல் அவளுக்குக் கேட்கும். "அப்பாரு, ஒரே ஒரு மடக்கு. அப்பாரு." அவளிடமிருந்து குரல் வரும்: "எடப்பக்கம் குடுடி! தொண்டையப் பாரு!" நான் இடப்பக்கம்தான் கொடுத்தேன். கஞ்சி உதட்டில் நின்று, மெதுவாக இறங்கித் தலையணையில் ஊறியது. இருக்கிற பேரிலேயே அவர் வாயைத் திறக்கவைக்கக் கூடிய ஒரே கை கொல்லையில் இருந்தது. அது வந்தால், எல்லாரும் அறிய, தீட்டுக் கை.

ஒரு நாள் மத்தியானம் அம்மா எழுந்து கொல்லைக் கதவு வரை வந்துவிட்டாள். எதிர்வீட்டுக்காரி அங்கே மாவு சலித்துக்கொண்டிருந்தாள். "அடி பாவி, பச்சை ஒடம்புக்காரி, எங்க போற? உக்காரு." அம்மா உட்கார்ந்தாள். முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அவள் அழுததை, போன பிள்ளைக்காக அழுகிறாள் என்று எதிர்வீட்டுக்காரி நினைத்துத் தானும் அழுதாள்.

அம்மா தலை முழுகி உள்ளே வந்தபோது அப்பாருவுக்கு ஆள் தெரியவில்லை. கஞ்சி விட்டாள். தொண்டை ஏறி இறங்கவில்லை. சித்திரையில் போய்விட்டார். கிராம முன்சீப் ஜனன மரணப் பதிவில் காய்ச்சல் என்று எழுதிக்கொண்டார். அந்தக் காலத்தில் முக்கால்வாசிப் பேர் காய்ச்சலில்தான் செத்தார்கள், பதிவேட்டின்படி. அம்மாவின் பதிவேடு வேறு, அது மனசுக்குள் இருந்தது. ஐப்பசி முதல் தன் தீட்டுக் கையால் கொடுத்த ஒவ்வொரு மடக்கையும் அவள் அதில் எழுதிவைத்திருந்தாள். பட்டினி கிடந்த நாட்களில்தான் அவர் செத்தார், நீ ஊட்டிய நாட்களில் இல்லை என்று நான் வளர்ந்த பிறகு எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தேன். சட்டப்படி சரியான வாதம். அவள் ஏற்கவில்லை.

பரீட்சையில் தேறினேன். இன்னும் படிப்பு எதற்கு என்று அப்பா கேட்டதற்கு, "போகட்டும்" என்று மட்டும் அம்மா சொன்னாள். அந்த வருஷம் அவள் அவரிடம் வேறு எதையும் கேட்டதாக நினைவில்லை. பயிற்சிக்கு வயது போதாது என்று ஒன்பதாவதில் சேர்ந்தேன். ஆனியில் பள்ளி திறந்தது.

இப்போது வீட்டில் கேட்பதற்கு யாரும் இல்லை. மாடத்துக்கு எதிரே கட்டில் இல்லை. அம்மா நினைத்திருந்தால் மாதம் முழுவதும் அடுப்படியிலேயே நின்றிருக்கலாம். ஒரு காலை நான் எழுந்தபோது அடுப்பு எரியவில்லை. தேடிக்கொண்டு போனேன். சாய்ப்பில், பழைய இடத்தில், பழைய சாக்கில் உட்கார்ந்திருந்தாள்.

நான் உள்ளே போய் ராகி மாவுப் பானையை எடுத்தேன்.

"அத வெய்யி" என்றாள் அங்கிருந்தே. "நீ பள்ளிக்கோடம் போ."

"ஆரு சோறாக்கறது?"

"ஆரும் ஆக்க வேண்டாம்."

"தாரு?"

"நிக்கட்டும். வேற ஆளுக்குக் குடுத்தாக் குடுக்கட்டும்."

"தங்கச்சி என்னத்தத் திங்கும்?"

"பொரிகடலை இருக்குது. மூணு நாளு திங்கட்டும். நானும் பட்டினி கெடக்கறன். நீ தலையச் சீவீட்டுக் கெளம்பு, நேரமாவுது."

தங்கையின் தலையை நானே பின்னினேன், கோணலாக வந்தது. தூக்குப் போசியில் பொரிகடலையைக் கொட்டினேன். நாங்கள் தெருவில் இறங்கியபோது எதிர்வீட்டுக்காரி நூல் சிட்டங்களைக் கையில் ஏந்திக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்துகொண்டிருந்தாள். உள்ளே அம்மா இல்லை என்று அவளிடம் சொன்னேன். அவள் நூலோடு அடுத்த வீட்டுக்குப் போனாள். நாங்கள் பாலத்தைப் பார்த்து நடந்தோம்.